கோடு பிறந்த கதை: நியூமிலிருந்து ஸ்கோர் வரை

இந்த வாரக் கேள்வி ஒரு வாசகியிடமிருந்து: “என் மகள் மேற்கத்திய இசை படிக்கிறாள். அடுத்த வாரம் இசை வரலாற்றுத் தேர்வு. ‘ஸ்டாஃப் நொட்டேஷனின் வளர்ச்சி’ என்ற பாடத்தில் வருடமும் பெயருமாக மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனால் எது எதற்காக வந்தது என்று கேட்டால் திணறுகிறாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சுருக்கித் தர முடியுமா?”

முடியும் சகோதரி. ஒரே ஒரு விஷயத்தை மகள் பிடித்துக்கொண்டால் போதும். இசையை எழுதுகிறவருக்கு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். எந்த ஸ்வரம்? எவ்வளவு நேரம்? முதல் கேள்விக்கு விடை கோடுகளில் கிடைத்தது. இரண்டாவதற்கு விடை குறிகளின் வடிவத்தில் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 250 வருட இடைவெளி இருக்கிறது. பாடம் முழுக்க இவ்வளவுதான்.

நினைவூட்டும் சீட்டு

ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிடோர், ஒலிகளை எழுதிவைக்க வழியில்லை, மனிதர் நினைவில் வைக்காவிட்டால் அவை அழிந்துவிடும் என்று குறிப்பிட்டார். அன்றைய நிலை அதுதான். மடாலயத்தில் துறவிகள் வருடம் முழுவதும் பாடவேண்டிய வழிபாட்டுப் பாடல்கள் ஏராளம். எல்லாம் குருவின் வாயைப் பார்த்துக் கற்றவை. சார்லமேன் மன்னர் காலத்தில், பேரரசு முழுவதும் ரோமாபுரி முறையிலேயே பாடவேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்தது. ஊருக்கு ஊர் பாட்டு மாறக் கூடாது என்றால் நினைவு மட்டும் போதாது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாடல் வரிகளுக்கு மேலே சின்னச் சின்னக் கோணல் குறிகள் தோன்றின. அவைதான் நியூம்கள். கீழிருந்து மேலே போகும் இரண்டு ஸ்வரங்களுக்கு ஒரு குறி; அதன் பெயர் பெஸ். மேலிருந்து கீழே வந்தால் கிளிவிஸ். கீழே, மேலே, மறுபடி கீழே என்றால் டார்குலஸ்.

இங்கேதான் பல மாணவர்கள் தடுமாறுகிறார்கள். பெஸ் குறி ‘ஏறு’ என்று மட்டும் சொல்கிறது. எங்கிருந்து ஏறுவது, எவ்வளவு ஏறுவது என்று சொல்லவில்லை. நம் கணக்கில் சொன்னால் ச-ரி என்று பாடினாலும் பெஸ்தான், ச-ப என்று பாடினாலும் பெஸ்தான். பாட்டை முன்பே கேட்டவருக்கு அது போதும். கேட்காதவருக்கு அதனால் பயனில்லை.

அதற்காக நியூமை அரைகுறை முயற்சி என்று விடைத்தாளில் எழுதிவிடக் கூடாது. சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் மடாலய நூலகத்தில் 920-களில் எழுதிய ஒரு பாட்டுச் சுவடி இருக்கிறது. அதில் நியூம்களின் அருகே ‘இங்கே விரைவாக’, ‘இங்கே நிறுத்தி’ என்று பொருள்படும் சிறு எழுத்துகளையும் போட்டிருக்கிறார்கள். ஸ்வரம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எப்படிப் பாடவேண்டும் என்பதைத்தான் குறித்து வைத்தார்கள்.

கோடு வந்தது

அடுத்த படி உயரம். தெற்கு பிரான்ஸின் அக்விடைன் பகுதியில் எழுதியவர்கள், உயர்ந்த ஸ்வரத்தை மேலேயும் தாழ்ந்ததைக் கீழேயும், தூரத்துக்கு ஏற்ப இடம்விட்டு எழுதத் தொடங்கினார்கள். கை தவறாமல் இருக்க, தோல் ஏட்டில் மையில்லாத கூர்முனையால் ஒரு கோடு கீறிக்கொண்டார்கள். ஸ்டாஃபின் விதை அந்தக் கீறல்தான்.

இனி இத்தாலியரான கைடோ. அரெஸ்ஸோ நகரத்தோடு சேர்த்து அவர் பெயரைச் சொல்வார்கள். முதலில் பொம்போசா மடாலயத்தில் இருந்தார். அவருடைய புதிய முறை அங்கே சக துறவிகளின் பொறாமையைக் கிளப்ப, அரெஸ்ஸோவுக்கு வந்து ஆயர் தியோடால்டின் ஆதரவில் பாடகர்களைப் பயிற்றுவித்தார். பத்து வருடம் கற்றும் ஒரு புதுப் பாட்டைத் தானாகப் பாடத் தெரியவில்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம். 1020-களில் அவர் சொன்ன தீர்வு இது: ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் நிலையான ஓர் இடம். கோட்டின் மேல் ஒன்று, இடைவெளியில் அடுத்தது, மறுபடி கோட்டில் அதற்கடுத்தது. எஃப் ஸ்வரக் கோட்டுக்குச் சிவப்பு, சி ஸ்வரக் கோட்டுக்கு மஞ்சள்.

ஏன் அந்த இரண்டு மட்டும்? மகளை ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு எஃப். மேலே இடைவெளி ஜி, அடுத்த கோடு ஏ, இடைவெளி பி, அதற்கடுத்த மஞ்சள் கோடு சி. இந்த ஸ்வர வரிசையில் அரை ஸ்வர தூரம் இரண்டே இடங்களில் வரும்: ஈ-எஃப், பி-சி. இரண்டுமே வண்ணக் கோட்டுக்கு நேர் கீழே இருக்கின்றன. சங்கராபரணம் பாடத் தெரிந்தவர்கள் க-ம, நி-ச நெருக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். எங்கே நெருங்கி வரவேண்டும் என்று பாடகருக்கு நிறமே எச்சரித்தது.

இப்போது அதே பெஸ் குறியைச் சிவப்புக் கோட்டுக்குக் கீழ் இடைவெளியில் தொடங்கி, கோட்டின் மேல் முடியும்படி எழுதினால் அது ஈ-எஃப்தான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. குறி மாறவில்லை, அதற்கு ஒரு விலாசம் கிடைத்துவிட்டது.

கூடவே கைடோ ஒரு பயிற்சியும் வைத்தார். புனித யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் பாடலில் முதல் ஆறு அடிகளும் ஒவ்வொரு ஸ்வரம் மேலே மேலே தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகள்தாம் உத், ரே, மி, ஃபா, சோல், லா. மி-ஃபா இடையேதான் அரை ஸ்வரம். ‘உத்’ பிற்காலத்தில் ‘டோ’ ஆனது. ஏழாவதான ‘சி’யும் பின்னால் சேர்ந்ததுதான்.

போப்பாண்டவர் பத்தொன்பதாம் ஜான் இவரை ரோமுக்கு வரவழைத்தார். சுவடியைப் புரட்டி, தான் அதுவரை கேட்டிராத ஓர் அடியை அவரே பாடிப் பார்த்தாராம். கைடோ தன் கடிதத்தில் எழுதிய செய்தி இது. பத்து வருடப் படிப்பு ஓரிரு வருடத்தில் முடியும் என்றும் அவர் உறுதி சொல்கிறார்.

கோட்டின் தொடக்கத்தில் சி, எஃப் என்ற எழுத்துகளையும் போட்டார்கள். இன்றைய கிளெஃப் குறிகள் அந்த எழுத்துகள் வளைந்து நெளிந்த வடிவங்களே. பியானோ நோட்டில் வரும் டிரெபிள் கிளெஃப் ஜி எழுத்து; பேஸ் கிளெஃப் எஃப் எழுத்து.

எவ்வளவு நேரம்?

எல்லோரும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும்வரை நேரக் கணக்கு எழுத்தில் தேவைப்படவில்லை. பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தில் இரண்டு, மூன்று, நான்கு குரல்கள் வெவ்வேறு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் பாடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஒருவர் எப்போது நகர்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாவிட்டால் பாட்டு குலைந்துவிடும். முதலில் குறிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து எழுதி, கொத்தின் அமைப்பைக் கொண்டு தாளத்தை உணர்த்தினார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலோன் நகர ஃபிராங்கோ வடிவத்துக்கு மதிப்புக் கொடுத்தார். வாலுள்ள சதுரம் லாங், வாலில்லாச் சதுரம் பிரீவ், சாய்சதுரம் செமிபிரீவ். ஒரு முழு லாங் மூன்று பிரீவுக்குச் சமம். மூன்று என்ற எண், கிறிஸ்தவத் திரித்துவத்தை ஒட்டி முழுமையாகக் கருதப்பட்டது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. லாங்குக்குப் பிறகு இன்னொரு லாங் வந்தால் முதலாவதற்கு மூன்று மதிப்பு. பிறகு ஒற்றைப் பிரீவ் வந்தால் அந்த லாங் இரண்டாகக் குறைந்து, பிரீவின் ஒன்றோடு சேர்ந்து மூன்றாகும். அதாவது வடிவத்தோடு அக்கம்பக்கத்தையும் பார்த்தால்தான் மதிப்பு தெரியும். இந்த வரம்பையும் மகள் எழுதினால் விடை முழுமையாக இருக்கும்.

1320 வாக்கில் பிரான்ஸில் பிலிப் தெ வித்ரி பெயரோடு சேர்ந்த ‘ஆர்ஸ் நோவா’, அதாவது புதிய கலை வந்தது. மூன்றாகப் பிரிப்பதற்கு இருந்த மதிப்பு இரண்டாகப் பிரிப்பதற்கும் கிடைத்தது. மினிம் என்ற சிறு குறி சேர்ந்தது. பிறகு இந்தப் பிரிவுகளைக் காட்ட அடையாளங்களும் வந்தன. முழு வட்டம் என்றால் பிரீவில் மூன்று செமிபிரீவ். அரை வட்டம் என்றால் இரண்டு. உள்ளே புள்ளி இருந்தால் செமிபிரீவில் மூன்று மினிம், இல்லாவிட்டால் இரண்டு. வட்டமும் புள்ளியும் சேர்ந்தால் மூன்றை மூன்றால் பெருக்கி ஒன்பது மினிம். புள்ளியில்லாத அரை வட்டம் நான்கு மினிம்.

அந்த அரை வட்டம்தான் இன்று நான்குக்கு நான்கு தாளத்துக்குப் போடும் ‘சி’ போன்ற குறி. அது ‘காமன்’ என்ற சொல்லின் முதல் எழுத்து அல்ல, உடைந்த வட்டம்.

இன்னொரு வேடிக்கை. பிரீவ் என்றால் குறுகியது என்று பொருள். இன்றோ அது மிக நீளமான குறிகளில் ஒன்று. ஒவ்வொரு தலைமுறையும் இன்னும் சின்னக் குறியைச் சேர்க்கச் சேர்க்க, பழையவை மெல்ல நீண்டு வழக்கிலிருந்து விலகின. ‘மிகச் சிறியது’ எனப் பெயர் பெற்ற மினிமும் இன்று இரண்டு எண்ணிக்கை நிற்கிறது.

கடைசிக் கட்டம்

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் நிரப்பிய கறுப்புக் குறிகளின் இடத்தில் உள்ளே வெள்ளையான குறிகள் வந்தன. தோல் ஏட்டின் இடத்தைக் காகிதம் பிடித்ததும், மை அதிகம் ஊறி அதைக் கெடுத்ததும் காரணம் என்பார்கள். 1501-இல் வெனிஸில் பெத்ரூச்சி பல குரல் இசையை அச்சிட்டார். கோடு, குறி, சொல் என ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1528 வாக்கில் பாரிஸில் அத்தேன்யான் ஒரே அழுத்தத்தில் முடிக்கும் முறையைக் கொண்டுவந்து வேலையைச் சுலபமாக்கினார்.

அப்போதெல்லாம் பாடகர் கையில் அவரவர் குரலின் புத்தகம் மட்டுமே இருக்கும். எல்லாக் குரல்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்க்க, முக்கியமாகக் கீபோர்டு வாசிப்பவருக்கு, செங்குத்துக் கோடுகள் உதவின. பதினேழாம் நூற்றாண்டில் அந்த பார் கோடுகள் பரவலாயின. அவற்றோடு வட்டத் தலைக் குறிகளும் சேர, இன்றைய ஸ்கோர் உருவாயிற்று.

தேர்வறைக்குப் போகும் முன்

* 9-ஆம் நூற்றாண்டு: நியூம். போக்கு தெரியும், ஸ்வர தூரம் தெரியாது.
* 1020-கள்: கைடோ. கோடு, நிறம், கிளெஃப் எழுத்து.
* 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: ஃபிராங்கோ. வடிவத்துக்கு நேர மதிப்பு.
* 1320 வாக்கில்: ஆர்ஸ் நோவா. இரட்டைப் பிரிவு, மினிம்.
* 1501: பெத்ரூச்சி. அச்சு.
* 17-ஆம் நூற்றாண்டு: பார் கோடு பரவல்.

மூன்று தவறுகளை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். கைடோ ஐந்து கோடுகளைக் கண்டுபிடித்தார் என்று எழுத வேண்டாம். கோடு அவருக்கு முன்பே இருந்தது. அதை முறையாக்கியவர் அவர். வழிபாட்டுப் பாடல்களுக்கு நான்கு கோடுகள் நிலைத்தன. பல குரல் இசைக்குத்தான் ஐந்து. இரண்டாவது, அவர் தாளத்தையும் குறித்தார் என்று எழுத வேண்டாம். அது ஃபிராங்கோ வழியில் வந்தது. மூன்றாவது, நியூமுக்குப் பிறகு கோடு வந்ததும் நியூம் மறைந்தது என்று எழுத வேண்டாம். கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்து, சதுரமாகி, பிறகு வட்டமானது அதே நியூம்தான்.

தேர்வில் எந்தப் பெயரைக் கேட்டாலும், ‘இவர் தீர்த்தது ஸ்வரக் கேள்வியையா, நேரக் கேள்வியையா?’ என்று மகள் முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். விடையின் முதல் வாக்கியம் அதுவே.