போஸை குச்சி உருவம் பார்த்துக்கும், பிராம்ப்ட்டை சுருக்குங்க!

அரைமண்டியில் நிற்கும் பரதக் கலைஞரின் ஏஐ படம் வேணும்னு வைச்சுக்குவோம். "முழங்கால்கள் பக்கவாட்டில் மடங்கி, முதுகு நேராக, கைகள் தோள் உயரத்தில்" என்று பத்து வரி எழுதினாலும், ஒவ்வொரு முறையும் ஆள் வேற மாதிரிதான் நிற்பார். நிற்கும் நிலையைச் சொற்களில் விளக்குவது வீண் வேலை என்பதே என் கருத்து.

2023-ல் வந்த கன்ட்ரோல்நெட் இதற்கு வழி தந்தது. அரைமண்டி போட்டோ ஒன்றைக் கொடுத்தால், ஓப்பன்போஸ் அதில் மூக்கு, தோள், முழங்கால் என 18 புள்ளிகளைக் கண்டுபிடித்து, கோடுகளால் இணைத்து ஒரு குச்சி உருவம் வரையும். உடை, முகம், பின்னணி எதுவும் அதில் இருக்காது. அதனால்தான் ஸ்டைலை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடிகிறது. முதலில் `dancer, watercolor`, அடுத்து `dancer, bronze statue` என்று கொடுங்க. வாட்டர்கலர் வெண்கலமாகும், அரைமண்டி அப்படியே இருக்கும்.

பலர் சொதப்புவது இங்கேதான். பழக்கதோஷத்தில் பிராம்ப்ட்டிலும் `jumping` என்று சேர்ப்பார்கள். குச்சி உருவம் ஒன்று சொல்ல, சொல் வேறொன்று சொல்ல, கால்கள் திருகிக்கொண்டு வரும்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. அந்த 18 புள்ளிகள் மணிக்கட்டோடு முடிந்துவிடும், முத்திரை தப்பாகவே வரும். விரல்களும் வேணும்னா `openpose_full` தேர்ந்தெடுக்கணும். குச்சி உருவம் தட்டையானது என்பதால், முழங்கால் பக்கவாட்டில் போகிறதா, நம்மை நோக்கி வருகிறதா என்றும் அதற்குத் தெரியாது. நடனக் கலைஞருக்கு அடியில் திடீரென நாற்காலி முளைத்தால், காரணம் இதுதான். அப்போது பிராம்ப்ட்டை நீட்டாதீங்க. ஆழத்தைக் காட்டும் டெப்த் மேப்பையும் சேருங்க.