"நல்லா இருக்குப்பா, யாரு பேசுனது?"

செய்யாறுக்கும் ஆரணிக்கும் இடையில் ஒரு ஊர். அங்கே தன் வீட்டுக் குழித்தறியில் கூலிக்குப் பட்டு நெய்யும் ஒரு தலித் அக்கா எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினார். 6 நிமிடம் 40 விநாடி. ஏப்ரல் 14 கூட்டத்தில் அவர் ஒரு நிமிடம் பேச வேண்டும், அதைக் காணொளியாகவும் போட வேண்டும் என்பது எங்கள் திட்டம். ஸ்கிரிப்ட் எழுதும் வேலை ஆய்வு மாணவனான எனக்கு வந்தது. இரண்டு நாளில் எழுதி, தோழர் ஒருவரைப் படிக்கச் சொல்லி, ஒலிப்பதிவாக அவருக்கு அனுப்பினேன்.

கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில்: "நல்லா இருக்குப்பா, யாரு பேசுனது?"

நான் எழுதிய முதல் வரி இது: "தலைமுறை தலைமுறையாகச் சாதியப் படிநிலையால் ஒடுக்கப்பட்டு, உழைப்புச் சுரண்டலுக்கு ஆளாகும் ஒரு நெசவாளப் பெண் நான்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதில் ஒரு சொல்கூட அவர் சொன்னதில்லை. 'குரலற்றவர்களின் குரல்' என்று பேனர் அடிக்கும் நாம், குரல் உள்ள ஒருவரின் வாயை மூடிவிட்டு நம் ஆய்வேட்டை அவர் முகத்தில் ஒட்டுகிறோம். நம் முற்போக்குப் பக்கங்களில் வரும் சாட்சியக் காணொளிகளைத் தொடர்ந்து பாருங்கள். கடலூர் அம்மாவும் மேலவளவு அண்ணனும் ஒரே மாதிரிப் பேசுவார்கள். காரணம், எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பது நம்மைப் போன்ற நாலு பேர்தான்.

நான் என்ன தவறு செய்தேன் என்று இப்போது சொல்ல முடியும். வாய்ஸ் நோட்டை ஒரே ஒரு முறை கேட்டேன். 'விஷயம்' என்று எனக்குப் பட்டதை மட்டும் குறித்துக்கொண்டேன். அவர் ஐப்பசி மழையில் ஆரம்பித்தார், மகளின் பரீட்சைக்குப் போனார், பஸ் இல்லாததைச் சொன்னார், பிறகு முதலாளி வீட்டுத் திண்ணைக்கு வந்தார். எனக்குத் திண்ணை மட்டும்தான் தேவைப்பட்டது. மற்றதெல்லாம் 'வளவள' என்று தள்ளிவிட்டேன்.

அந்தப் பதிலுக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை ஒரு சொல் விடாமல் எழுதினேன், 'ம்', 'இன்னா சொல்றது' எல்லாம் சேர்த்து. ஏறக்குறைய 650 சொற்கள் வந்தன. அப்படியென்றால் அவர் ஒரு நிமிடத்துக்குப் பேசுவது நூறு சொற்களுக்குள். நான் முதலில் எழுதிக் கொடுத்தது 170 சொற்கள். அதை ஒரு நிமிடத்தில் சொல்ல அவர் செய்தி வாசிப்பவரைப் போல ஓட வேண்டியிருந்திருக்கும். ஸ்கிரிப்டின் நீளத்தைப் பேசுபவரின் சொந்த வேகத்தில் கணக்கிடாவிட்டால், சொற்களை எழுதுவதற்கு முன்பே குரல் போய்விடும்.

அடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒரே கேள்வி கேட்டேன்: இதை எடுத்துவிட்டால் அடுத்தது ஏன் நடந்தது என்று புரியுமா? மகளின் பரீட்சையை எடுத்தேன், எதுவும் குறையவில்லை. பஸ்ஸும் அப்படியே. ஆனால் மழையை எடுத்தபோது கதையே நின்றுவிட்டது. குழித்தறி என்பது தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் தறி. பெருமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும், ஈரத்தில் பாவு கெடும், தறியை நிறுத்த வேண்டும். தறி நின்றால் புடவை இல்லை, புடவை இல்லாவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாததால்தான் அவர் முன்பணம் கேட்டு முதலாளி வீட்டுக்குப் போனார், போனதால்தான் திண்ணையில் நின்றார். நான் 'வளவள' என்று வெட்டியது காரணத்தை. காரணம் போனதும் அவர் சும்மா அவமானப்பட்டு நிற்கும் ஒரு பரிதாபப் படமாக ஆகிவிட்டார். வேலை தெரிந்த, கணக்குத் தெரிந்த ஒரு நெசவாளி காணாமல் போனார்.

இன்னொன்றையும் வெட்டியிருந்தேன். அதை வெட்டியது அறியாமையால் இல்லை, தெரிந்தேதான் செய்தேன். கடைசியில் அவர் சொல்லியிருந்தார்: "மொதலாளி கெட்டவரு இல்ல தம்பி, எம் பொண்ணு ஜொரத்துல கெடந்தப்ப அவருதான் ஆட்டோ புடிச்சி அனுப்பிச்சாரு." இது நம் மேடைக்கு ஒத்துவராது என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் வீரம்மாவை நினைக்க வேண்டும். புதுச்சேரிப் பகுதியில் கூலி வேலை செய்த, பிரசவம் பார்த்த, ஒப்பாரி பாடத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரியாத தலித் பெண் அவர். ஜோசியான் ராசின் அவரோடு ஏறத்தாழ பத்தாண்டுகள் தமிழில் பேசிப் பதிவு செய்தார். ஜோசியானும் கணவர் ழான் லுக் ராசினும் அதை நூலாக்கினார்கள். 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்தது. பிரெஞ்சு நூலின் துணைத்தலைப்பு 'அடிமைப்பட்டோரின் சிரிப்பு' என்று பொருள்படும். அந்த நூலில் வீரம்மா சிரிக்கிறார், கொச்சையாகப் பேசுகிறார், பேய்களையும் சாமிகளையும் நம்புகிறார், தலையெழுத்து என்கிறார், பண்ணைக்காரக் குடும்பத்தை மரியாதையோடு பேசுகிறார். நம் இயக்கத்துக்குச் சங்கடமான எத்தனையோ அதில் இருக்கின்றன. அவற்றை எல்லாம் நீக்கியிருந்தால் நமக்கு ஒரு துண்டறிக்கை கிடைத்திருக்கும், வீரம்மா கிடைத்திருக்க மாட்டார்.

அந்த நூலின் மீதும் கேள்வி கேட்கலாம். பத்தாண்டு உரையாடல், வீரம்மா தானாகவே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போவதைப் போலப் பக்கங்களில் ஓடுகிறது. கேட்டவர் எங்கே கேட்டார், எதற்குப் பதிலாக இது வந்தது என்று வாசகருக்குத் தெரிவதில்லை. எனவே நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். வெட்டலாம். அவரைக் கேட்டு இடம் மாற்றலாம். ஆனால் அவர் சொல்லுக்குப் பதிலாக என் சொல்லை வைக்கக் கூடாது. பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்பட்டால் அது காணொளிக்குக் கீழே என் பெயரில், என் நடையில் வரட்டும்.

இடம் மாற்றுவது வெட்டுவதைவிட ஆபத்தானது. முதலாளியைப் பற்றிய அந்த வரியை எங்கே வைப்பது என்று அக்காவிடமே கேட்டேன். "முன்னாடியே சொல்லிடு. கடசில சொன்னா பயந்துகினு சொல்றாப்ல இருக்கும்" என்றார். இதைவிடக் கூர்மையான எடிட்டிங்கை எந்தப் பட்டறையிலும் நான் கேட்டதில்லை. இரண்டாவது ஸ்கிரிப்ட் இப்படி வந்தது:

"ஐப்பசி மழயில குழித்தறிக்குள்ள தண்ணி எறங்கிடுச்சி. பாவு நனஞ்சிடும்ல, தறிய நிறுத்திட்டேன், பதினெட்டு நாளு. பதினெட்டு நாளு பொடவ இல்லனா கூலி எங்க வரும்? தண்ணி வத்தின பின்னாடி ராத்திரியும் பகலும் ஒக்காந்து அந்தப் பொடவய முடிச்சி எடுத்துகினு போனேன். முன்பணம் கேக்கணும். மொதலாளி கெட்டவரு இல்ல. எம் பொண்ணு ஜொரத்துல கெடந்தப்ப அவருதான் ஆட்டோ புடிச்சி அனுப்பிச்சாரு. அன்னிக்கும் சிரிச்சிகினுதான் பேசினாரு. பொடவய வாங்கினு போயி சாமி முன்னாடி வச்சாங்க. நான் திண்ணயிலயே நின்னேன். அத்தன நாளு என் மடிமேல இருந்த பொடவ அது. அது உள்ள போயிடுச்சி, நான் வெளியில நிக்கறேன். தாகமா இருக்குது, தண்ணி கேட்டேன். சொம்பத் தூக்கி ஊத்தினாங்க, கைய ஏந்தி குடிச்சேன்."

'சாதி' என்ற சொல் இதில் இல்லை. ஆனால் கேட்கும் யாருக்கும் சந்தேகம் வராது. நான் முதலில் வெட்டிய அந்த நல்ல முதலாளிதான் இங்கே அடியை ஆழமாக்குகிறார். அவரைக் கெட்டவராகக் காட்டியிருந்தால் கேட்பவர் 'இந்த ஆள் மோசம்' என்று சொல்லி எழுந்து போயிருப்பார். ஆட்டோ பிடித்துக் கொடுத்த, சிரித்துப் பேசுகிற மனிதரும் சொம்பைத் தூக்கித்தான் ஊற்றுகிறார் என்றால், கேட்பவர் தன் வீட்டுத் திண்ணையையும் நினைத்தாக வேண்டும். பட்டு தீட்டுப்படாது என்று சொல்லிப் பூசைக்குக் கட்டுகிற வீடுகள் இவை. நெய்த கைக்கு மட்டும் தீட்டு. நூறு பக்கம் எழுதி நான் சொல்ல முயன்றதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

இது போதுமா என்று எப்படித் தெரியும்? ஸ்கிரிப்டை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு அவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுக்கும் இடம் பெரும்பாலும் உங்கள் சொல் நுழைந்த இடம். என் வரைவில் 'தறிய நிறுத்திட்டேன்' என்பது 'நெசவு தடைபட்டது' என்றுதான் இருந்தது. விதி வைத்த பிறகும் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அக்கா அங்கே இரண்டு முறை தடுக்கினார், ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டுச் சரிசெய்தேன். 'எறங்கிடுச்சி', 'எடுத்துகினு' என்பவற்றை 'இறங்கிவிட்டது', 'எடுத்துக்கொண்டு' என்று 'திருத்தும்' தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வடமாவட்டத்துப் பேச்சு அது. பேச்சுத் தமிழை அச்சில் ஏற்றி பாமாவின் 'கருக்கு' வந்தது 1992இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நம் இணையப் பக்கத்துக்கு மட்டும் 'கினு' கொச்சையாகத் தெரிகிறதா?

இதற்கும் எல்லை உண்டு. வன்கொடுமைப் புகாருக்கு இந்த ஒரு நிமிட ஸ்கிரிப்டைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே தேதி, இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்ற முழு வாக்குமூலம் வேண்டும். நாம் அழகுக்காக வெட்டிய வரியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தேடி எடுப்பார். அதனால் மூல ஒலிப்பதிவை அழிக்கவே கூடாது. அதேபோல, ஊரையோ முதலாளியையோ அடையாளம் காட்டும் விவரங்களை நீக்குவதா வேண்டாமா என்பதைப் பேசியவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாளை காலை அந்தத் தெருவில் நடக்கப் போவது அவர், நாம் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் இல்லை, ரீல்ஸ் இன்றே போக வேண்டும் என்கிறார்கள். ஒருவர் காவல் நிலையத்தில் வாய்மொழியாகப் புகார் சொன்னால், அதை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் 173ஆம் பிரிவாக அது இருக்கிறது. காவல் நிலையங்கள் இதை எவ்வளவு மதிக்கின்றன என்பது நமக்குத் தெரியும், அதற்காக அவர்களோடு சண்டையும் போடுகிறோம். ஆனால் சட்டம் காவல்காரரிடம் கேட்கும் அந்தக் குறைந்தபட்ச மரியாதையை, நம் சொந்த மக்களுக்கு நம்மில் எத்தனை பேர் தருகிறோம்? எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டாமல் ஏற்றிய காணொளிகளை எண்ணிப் பாருங்கள். என்னுடையவற்றை எண்ணினேன். மூன்றை இறக்கிவிட்டேன். பேசியவர்களிடம் திரும்பிப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.