அட்டவணையைத் திருப்பத் தெரிந்தால் போதாது, தலைப்பையும் திருப்பத் தெரிய வேண்டும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

"அட்டவணையைத் திருப்புவது என்ன பெரிய வித்தை சார், கம்ப்யூட்டரில் ஒரு கிளிக்" என்று சொல்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. கிளிக் ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு கிளிக்கில் நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம், அது யார் கண்ணிலும் படாமலும் போகலாம்.

எங்கள் அம்பத்தூர், ஆவடி பக்கம் தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர். அதில் ஒன்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ரேங்க் பட்டியல் போட்டிருந்தது. செல்போனில் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ அட்டவணையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்த எண்கள் திரும்பிவிட்டன. மேலே இருந்த பாடப் பெயர்களும் பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் பெயர்களும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. கேட்டதற்கு வந்த பதில்: "டோட்டல் டேலி ஆகுது சார், ஃபெயில் லிஸ்ட்டும் சரியா இருக்கு. அப்புறம் என்ன தப்பு?"

இந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது. அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை இங்கே போடுவது முறையல்ல. அதனால் விளக்கத்துக்காக நானே எண்கள் போட்டுக் காட்டுகிறேன். ஐந்து பிள்ளைகள்: அ, ஆ, இ, ஈ, உ. பத்தாம் வகுப்பின் ஐந்து பாடங்கள், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்ற வரிசையில்:

அ: 82, 71, 48, 66, 75 (மொத்தம் 342)
ஆ: 77, 64, 91, 83, 70 (மொத்தம் 385)
இ: 58, 43, 29, 51, 60 (மொத்தம் 241)
ஈ: 90, 85, 96, 94, 88 (மொத்தம் 453)
உ: 69, 38, 57, 62, 73 (மொத்தம் 299)

ஈ முதலிடம், ஆ இரண்டாமிடம். 35-க்குக் கீழே இருப்பது ஒரே ஒரு எண், இ வாங்கிய கணித மதிப்பெண் 29.

இப்போது எண்களை மட்டும் திருப்புவோம், தலைப்புகளைத் தொட வேண்டாம். 'அ'வின் வரிசையில் என்ன வந்து உட்கார்கிறது? 82, 77, 58, 90, 69. இவை அ வாங்கியவை அல்ல, ஐந்து பிள்ளைகளும் தமிழில் வாங்கியவை. முழுப் பட்டியலும் இப்படி ஆகிவிடும்:

அ: 82, 77, 58, 90, 69 (மொத்தம் 376)
ஆ: 71, 64, 43, 85, 38 (மொத்தம் 301)
இ: 48, 91, 29, 96, 57 (மொத்தம் 321)
ஈ: 66, 83, 51, 94, 62 (மொத்தம் 356)
உ: 75, 70, 60, 88, 73 (மொத்தம் 366)

453 வாங்கி முதலிடத்தில் இருந்த ஈ மூன்றாமிடத்துக்கு வந்துவிட்டாள். இரண்டாமிடத்தில் இருந்த ஆ கடைசி. ஆங்கிலத்தில் 43 வாங்கிய இ இப்போது 91 வாங்கியவன். வீட்டில் ஒருவனுக்குத் திட்டு, இன்னொருவனுக்குப் பிரியாணி. இரண்டுமே தவறான ஆளுக்கு.

இனி அவர்கள் சொன்ன "டேலி"யைப் பாருங்கள். முதல் பட்டியலில் ஐந்து மொத்தங்களையும் கூட்டுங்கள், 1720. இரண்டாவதைக் கூட்டுங்கள், அதுவும் 1720. ஆகாமல் எப்படி இருக்கும்? அதே 25 எண்கள்தானே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. பையில் இருக்கிற காயை எப்படிக் குலுக்கினாலும் எடை மாறாது. எடை சரியாக இருக்கிறது என்பதால் கத்தரிக்காய் இருந்த இடத்தில் கத்தரிக்காயே இருக்கிறது என்று ஆகிவிடுமா?

ஃபெயில் லிஸ்ட் சரியாக வந்ததற்குக் காரணம் இன்னும் சுவாரசியமானது. கணக்குப் பாடத்தில் அணிகள் படித்தது நினைவிருக்கிறதா? படுக்கை வரிசை நிரை, செங்குத்து வரிசை நிரல். இரண்டையும் மாற்றிப் போட்டால் நிரை நிரல் மாற்று அணி. அப்படி மாற்றும்போது இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போகும் மூலைவிட்டத்தில் இருக்கும் எண்கள் அசையவே அசையாது. முதல் நிரையின் முதல் எண் அங்கேயே இருக்கும், இரண்டாம் நிரையின் இரண்டாம் எண்ணும் அப்படியே. 'இ' மூன்றாவது பிள்ளை, கணிதம் மூன்றாவது பாடம். அதனால் 29 அசையவில்லை. மேலே இரண்டு பட்டியலிலும் 82, 64, 29, 94, 73 ஒரே இடத்தில் இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

நாம் எல்லாரும் சரிபார்க்கும் விதம் என்ன? முதல் பெயர், முதல் பாடம். "அ, தமிழ், 82. சரியா இருக்கு" என்று டிக் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். தவறு நடந்திருந்தாலும் மாறாத இடத்தைத்தான் சோதித்திருக்கிறோம்.

அணிக்கும் அட்டவணைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 1858-இல் ஆர்தர் கேலி என்ற ஆங்கிலக் கணித மேதை அணிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த நிரை நிரல் மாற்றம் வருகிறது. அங்கே இருப்பவை வெறும் எண்கள். அட்டவணையில் அப்படி அல்ல. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பெயர் உண்டு, பக்கத்தில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. 75 என்பது ஒன்றுமில்லை; "அ, சமூக அறிவியல், 75" என்றால்தான் அது மதிப்பெண். எண்ணை நகர்த்துகிறவர் இரண்டு பெயரையும் கூடவே நகர்த்த வேண்டும். பக்கத்தில் இருந்த பெயர் மேலே போகும், மேலே இருந்தது பக்கத்துக்கு வரும்.

சரி, செய்வது எப்படி? எக்செல்லில் தலைப்பு நிரையும் பெயர் நிரலும் சேர்த்து நம் பட்டியல் A1 முதல் F6 வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். B2 முதல் F6 வரை மட்டும் தேர்வு செய்வதுதான் எல்லாக் கேட்டுக்கும் தொடக்கம். A1-லிருந்தே தேர்வு செய்து காப்பி செய்யுங்கள். பழைய பட்டியலின் மேலேயே ஒட்டாமல், தள்ளி ஒரு காலி இடத்தில் Paste Special போய் Transpose என்பதை டிக் செய்து ஒட்டுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் இதே வழிதான், அங்கே Transposed என்று இருக்கும். தலைப்புகள் தாமாகவே இடம் மாறிக்கொள்ளும். "தலைப்பை அப்புறம் டைப் பண்ணிக்கலாம்" என்ற பேச்சே கூடாது. கையால் டைப் செய்யும்போது ஒரு பெயர் விட்டுப்போனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேருக்கும் அடுத்தவர் மதிப்பெண் போய்விடும்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் கையால் திருத்த வேண்டும், A1 என்கிற மூலைக் கட்டம். அங்கே "மாணவர் பெயர்" என்று இருந்திருக்கும். திருப்பிய பிறகும் அது மூலையிலேயே இருக்கும், ஆனால் அதற்குக் கீழே இப்போது தமிழ், ஆங்கிலம், கணிதம் என்று பாடங்கள் வந்திருக்கும். "மாணவர் பெயர்: தமிழ்" என்று படித்தால் சிரிப்பு வரும். அதைப் "பாடம்" என்று மாற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இப்படி ஒட்டிய பட்டியல் ஒரு நகல்தான். மூலப் பட்டியலில் பிறகு ஒரு மதிப்பெண்ணைத் திருத்தினால் இது மாறாது. மாற வேண்டும் என்பவர்கள் இந்தச் சூத்திரத்தைப் போடுவார்கள்:

```
=TRANSPOSE(A1:F6)
```

நல்ல சூத்திரம்தான், ஆனால் எக்செல்லில் இதற்குள் ஒரு குழி இருக்கிறது. பரீட்சைக்கு வராத பிள்ளையின் கட்டத்தை நாம் காலியாக விடுகிறோம் அல்லவா? இந்தச் சூத்திரம் காலிக் கட்டத்தை 0 என்று காட்டும். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளைக்கும், உட்கார்ந்து எழுதி முட்டை வாங்கிய பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். சராசரி எடுத்தால் அதுவும் கீழே விழும். காலி காலியாகவே வர இப்படிப் போட வேண்டும்:

```
=TRANSPOSE(IF(A1:F6="","",A1:F6))
```

பழைய எக்செல் என்றால் திருப்பிய பட்டியல் வரவேண்டிய கட்டங்கள் முழுவதையும் முதலில் தேர்வு செய்து, சூத்திரத்தை எழுதி, Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி, காலியாகவே விடாமல் "வரவில்லை" என்று எழுதிவிடுவது.

கட்டங்களை இணைத்துத் தலைப்புப் போடுகிறவர்களுக்கும் இதே குழிதான். "தமிழ்" என்று மேலே அகலமாக ஒரு கட்டம், அதன் கீழே காலாண்டு, அரையாண்டு என்று இரண்டு. பார்க்க அழகு. ஆனால் இணைத்த கட்டத்தில் எழுத்து இருப்பது முதல் கட்டத்தில் மட்டும், மற்றது உள்ளுக்குள் காலி. சூத்திரத்தால் திருப்பினால் காலாண்டுக்குப் பக்கத்தில் "தமிழ்" என்றும், அரையாண்டுக்குப் பக்கத்தில் 0 என்றும் வரும். அந்த அரையாண்டு எந்தப் பாடத்துக்கு என்று யார் சொல்வது? திருப்பும் முன் இணைப்பை எடுத்துவிட்டு, "தமிழ் காலாண்டு", "தமிழ் அரையாண்டு" என்று ஒவ்வொரு தலையிலும் முழுப் பெயரை எழுதுங்கள். அழகு குறையும், பொய் வராது.

"அப்படியானால் திருப்பவே வேண்டாமே சார்" என்று சிலர் கேட்பீர்கள். அதுவும் சரியல்ல. மூர் மார்க்கெட்டிலிருந்து ஆவடி வழியாகப் போகும் நம் மின்சார ரயில் அட்டவணையை நினைத்துப் பாருங்கள். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என்று நிலையங்கள் மேலிருந்து கீழே இருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிரல். ஒரு வண்டி எங்கெங்கே எப்போது நிற்கிறது என்று பார்க்கக் கண் நேராக இறங்கினால் போதும். ஆனால் அம்பத்தூரில் நிற்பவருக்கு அடுத்த வண்டி எப்போது என்பதுதான் தேவை. அவருக்கு அதே அட்டவணையைத் திருப்பி, அம்பத்தூர் நிரலை மட்டும் கீழே இறங்கிப் படிக்கக் கொடுத்தால் வசதி. யார் படிக்கிறார் என்பதைப் பொறுத்துத் திருப்புவது நியாயமான வேலை. வண்டி எண்ணை விட்டுவிட்டுத் திருப்புவதுதான் அநியாயம்.

கடைசியாகச் சரிபார்க்கும் முறை. திருப்பும் முன் வலது மேல் மூலையில் இருக்கும் எண்ணை இரண்டு பெயரோடும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அ, சமூக அறிவியல், 75." திருப்பிய பிறகு அது இடது கீழ் மூலைக்குப் போயிருக்க வேண்டும். அங்கே பக்கத்தில் "சமூக அறிவியல்", மேலே "அ" என்று இருந்தால் சரி. தவறான பட்டியலில் அதே இடத்தில் அதே 75 இருந்தது. ஆனால் பெயர் "உ, தமிழ்". எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அங்கேயும் ஏமாந்திருப்பீர்கள். மூலைவிட்டத்தில் இல்லாத இன்னொரு எண்ணையும் இதேபோல் சொல்லிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

பள்ளியிலோ, டியூஷனிலோ, கம்பெனியிலோ, குடியிருப்போர் சங்கத்திலோ பட்டியல் போடுகிற என் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். "டோட்டல் டேலி ஆகுது" என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். மொத்தம் எண்களுக்குத்தான் சாட்சி, பெயர்களுக்கு அல்ல. பெயர் மாறியதால் கடைசிக்குப் போன பிள்ளையிடம் போய் 1720 சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், என்ன கேட்கிறாள் என்று.