பையில் இருக்கும் ஒலிப்பதிவு

எமது சங்கக் காரியாலயத்துக்கு முறைப்பாட்டோடு வருபவர்கள் முன்பெல்லாம் சம்பளச் சீட்டைக் கொண்டுவருவார்கள். இப்போது கைப்பேசியை மேசையில் வைத்து, "இதைக் கேளுங்கள், அவர் சொன்னது எல்லாம் இதில் இருக்கிறது" என்கிறார்கள். மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள தென்னந்தோட்டங்களில் வேலை செய்யும் எம்மவர்களுக்கு ஏன் இந்த எண்ணம் வருகிறது என்பது எமக்கு விளங்குகிறது. இங்கே ஆட்களை நிறுத்துவது பெரும்பாலும் வாயால்தான் நடக்கிறது, கடிதம் கொடுப்பதில்லை.

இப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேங்காய் பொறுக்கும் ஒரு பெண்ணிடம் வெளிக்கள உத்தியோகத்தர் மாலையில், "நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்" என்கிறார். ஒரு மாதம் கழித்து நாம் கேட்டால் நிர்வாகம், "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகவே வேலையை விட்டுப் போய்விட்டார்" என்கிறது. இந்தப் பதில் தற்செயலாகச் சொல்லப்படுவதல்ல. வேலைநீக்கத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டால், அதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று தொழில் நியாய சபையில் காட்டவேண்டியது நிர்வாகமே. நீக்கவே இல்லை என்று மறுத்தால், நீக்கினார்கள் என்று முதலில் காட்டவேண்டியது தொழிலாளி. வேலைநீக்க வழக்குகள் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. அந்த மாலையில் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் பதிவாகியிருந்தால் பயன் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

அதைச் சபை ஏற்குமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி தொழில் நியாய சபை சாட்சிகள் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. நீதியும் நியாயமுமான கட்டளை ஒன்றை வழங்குவதே அதன் வேலை. ஆகவே இரகசியமாகப் பதிந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒலிப்பதிவு வாசலிலேயே தள்ளப்படும் என்று நினைக்கத் தேவையில்லை. ஆனால் உள்ளே வந்த பதிவை எவ்வளவு நம்புவது என்பது வேறு விடயம். நாடாக்களுக்கும் இயந்திரப் பதிவுகளுக்கும் என்றே 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. பதிவு சம்பவம் நடந்த நேரத்திலேயே எடுக்கப்பட்டதா, கருவி சரியாக இயங்கியதா, பிறகு யாராவது கைவைத்தார்களா, பாதுகாப்பாக வைக்கப்பட்டதா என்றே அது பார்க்கிறது. விசாரணைத் தினத்துக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்து, பிரதியையோ போதிய விபரத்தையோ கொடுக்கவும் சொல்கிறது. நியாய சபையில் கெடுபிடி குறைவு என்று எண்ணி எமது பிரதிநிதிகள் இதை விட்டுவிடக்கூடாது. திடீரென்று கைப்பேசியை எடுத்து நீட்டினால் தவணை போகும், நம்பிக்கையும் போகும்.

அதே சட்டத்தில் பலர் கவனிக்காத பக்கம் ஒன்றும் உண்டு. பதிவையும் அதை எடுத்த கருவியையும் பார்வையிட எதிர்த்தரப்பும் கேட்கலாம். அந்தக் கைப்பேசியில் வீட்டுப் படங்களும், தோட்டக் கமிட்டியின் வட்ஸ்அப் பேச்சும், வேறு யாருடைய முறைப்பாடும் இருக்கும். ஒலிப்பதிவை முன்வைக்க முன் இதை யோசிக்கவேண்டும்.

எம்மிடம் வரும் பதிவுகள் பெரும்பாலும் இரண்டு விதத்தில் கெட்டுப்போயிருக்கும். ஒன்று, சேலை மடிப்புக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் இருந்து பதிந்தது. துணி உராயும் சத்தமும் மட்டை உரிக்கும் இயந்திரமும்தான் கேட்கும். மற்றது, "தேவையான இடத்தை மட்டும் வெட்டி" வட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பி, மகன் மருமகனுக்கு அனுப்பி, கடைசியில் எமக்கு வந்தது. மூலப்பதிவு எங்கே என்றால், போன் நிரம்பிவிட்டது, அழித்துவிட்டோம் என்கிறார்கள். வெட்டப்பட்ட இருபது விநாடிக்கு முன் என்ன பேசப்பட்டது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டால் நாம் என்ன சொல்வது? முழுப்பதிவும், எடுத்த அதே கைப்பேசியிலேயே, பெயர்கூட மாற்றாமல் இருக்கவேண்டும். அன்றிரவே ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், இருந்தவர்கள் பெயர் எழுதப்படவேண்டும். அந்தக் குரல் இன்னாருடையது என்று சொல்லக்கூடிய ஒருவரும் வேண்டும்.

இனி ஆபத்தைப் பற்றிப் பேசுவோம். தான் கலந்துகொண்ட உரையாடலைப் பதிவது ஒன்று. துரையின் அறையில் கைப்பேசியை ஒளித்துவைத்துவிட்டு வெளியே வருவது முற்றிலும் வேறு. பிறருடைய தொலைபேசிப் பேச்சை இடைமறிப்பது 1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் குற்றமே. நிர்வாகத்தின் அநியாயத்தை நிரூபிக்கப் போனவர் பொலிஸில் நிற்கவேண்டி வரும்.

குற்றமாக இல்லாவிட்டாலும் ஒழுக்காற்று நடவடிக்கை வரலாம். நியமனக் கடிதத்திலோ அறிவித்தற் பலகையிலோ வேலைத்தளத்தில் ஒலிப்பதிவு கூடாது என்று இருந்தால், நிர்வாகத்துக்கு அதுவே குற்றப்பத்திரத்தின் முதல் வரியாகிவிடும். இங்கிலாந்தில் பீனிக்ஸ் ஹவுஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர் ஒருவர் நிர்வாகத்துடனான கூட்டமொன்றை இரகசியமாகப் பதிந்திருந்தார். அவரை நீக்கியது அநியாயம் என்றே தீர்ப்பாயம் சொன்னது. நிறுவனமோ, பதிவு பற்றித் தெரிந்திருந்தால் அதற்காகவே நீக்கியிருப்போம், எனவே நட்டஈடு ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை என்று வாதிட்டது. தீர்ப்பாயம் பத்து வீதம் குறைத்தது. 2019இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை ஏற்றுக்கொண்டது. ஏன் பதிந்தார், பதிய வேண்டாம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்ததா, பேசப்பட்டது எவ்வளவு அந்தரங்கமானது, ஒருவரைச் சிக்கவைக்கப் பதிந்தாரா அல்லது தன்னைக் காத்துக்கொள்ளவா என்று பார்க்கவேண்டும் என்றும் அது கூறியது. அந்தத் தீர்ப்பு எமது சபைகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எமது எதிர்த்தரப்பும் இதே கேள்விகளைத்தான் கேட்கும். வாயைக் கிளறுவதற்காகத் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்கும் பதிவுகளை நாமே கேட்டிருக்கிறோம். அவற்றில் கெட்டவராகத் தெரிவது எம்மவர்தான்.

முகநூலில் போடுவதை நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம். மானநட்ட வழக்கு வரலாம் என்பது மட்டும் காரணமல்ல. 2020 ஜனவரியில் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்கவின் வீட்டைப் பொலிஸார் சோதனையிட்டபோது அவர் பதிந்து வைத்திருந்த தொலைபேசி உரையாடல்கள் அகப்பட்டன. சில நாட்களில் அவை தொலைக்காட்சியிலும் முகநூலிலும் ஒலித்தன. அவரோடு பேசிய மேல்நீதிமன்ற நீதிபதி ஒருவரும் மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவரும் பணி இடைநிறுத்தப்பட்டார்கள். பதிவு ஒருமுறை கைமாறினால் அதை எங்கே நிறுத்துவது என்பது பதிந்தவர் கையில் இல்லை. தோட்டத்தில் ஒருவரை ஒருவர் பதிகிறார்கள் என்ற சந்தேகம் பரவினால் கமிட்டிக் கூட்டத்தில் யார் வாயைத் திறப்பார்கள்? சக தொழிலாளியைப் பதிந்து கொண்டுவந்தால் நாம் அதைக் கேட்கமாட்டோம்.

மேலே சொன்ன பெண்ணுக்கு நாம் சொல்வது இதுதான். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு, ஒரு கமிட்டி உறுப்பினரோடு, வேலைக்குப் போய் நில்லுங்கள். திருப்பி அனுப்பினால் அன்றே தோட்ட முகாமையாளருக்கு ஒரு கடிதம்: "இன்ன திகதி, இன்ன நேரம், இன்னார் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார். இன்று வந்தேன், திருப்பி அனுப்பப்பட்டேன். நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர்ச் சிட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிரதியை எமக்கும் தொழில் திணைக்களத்துக்கும் கொடுங்கள். வேலையைக் கைவிட்டார் என்று சொல்வதற்கு வராமல் இருந்தது மட்டும் போதாது, கைவிடும் எண்ணமும் இருந்திருக்கவேண்டும். இந்தக் கடிதம் அந்த எண்ணம் இல்லை என்பதைக் காட்டிவிடும். இதற்கு யாருடைய குரலையும் அடையாளம் காட்டத் தேவையில்லை.

ஒலிப்பதிவு ஏற்கெனவே இருந்தால் யாருக்கும் அனுப்பாமல் கைப்பேசியோடு காரியாலயத்துக்கு வாருங்கள். சபைக்கு விண்ணப்பிக்க வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதம்தான் உண்டு. பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் அந்த நாட்களை விட்டுவிடாதீர்கள்.