மளிகைக் கடையும் ஆறு, எட்டு சதவீதமும்

என் தங்கை மகன் மளிகைக் கடை வைத்திருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், "மாமா, ஆடிட்டர் எட்டு சதவீதம் லாபம் காட்டிக் கட்டச் சொல்கிறார். மளிகையில் எட்டு எங்கே நிற்கிறது? ஐந்து நின்றாலே அதிகம். முழுக் கணக்கு எழுதி உண்மை லாபத்தையே காட்டிவிடப் போகிறேன்" என்றான்.

ரோஷம் நியாயமானதுதான். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

அவன் சொல்வது வருமான வரிச் சட்டத்தில் நாம் 44ஏடி என்று பழகிய உத்தேச வரித் திட்டம். விற்றுமுதல் இரண்டு கோடிக்குள் இருக்கும் சிறு வியாபாரி ரொக்க விற்பனையில் 8 சதவீதமும், வங்கி வழியாகவோ ஜிபே போன்றவற்றிலோ வந்ததில் 6 சதவீதமும் லாபமாகக் காட்டினால் போதும். வருமான வரிக்காகக் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவையில்லை.

இவன் 2025-26 விற்பனை 90 லட்சம். ரொக்கம் 60 லட்சம், அதில் 8 சதவீதம் 4.80 லட்சம். ஜிபேயில் 30 லட்சம், அதில் 6 சதவீதம் 1.80 லட்சம். மொத்தம் 6.60 லட்சம். உண்மை லாபம் நாலரை லட்சம்தான் என்கிறான். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரியே இல்லை. 6.60 காட்டினாலும் பூஜ்யம், 4.50 காட்டினாலும் பூஜ்யம். வாடகை போல வேறு வருமானம் இருந்து மொத்தம் 12 லட்சத்தைத் தாண்டினால்தான் இந்த வித்தியாசம் கையைக் கடிக்கும். இவனுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

வெளியேறினால் என்ன ஆகும் என்பதைத்தான் அவன் யோசிக்கவில்லை. நாலு வருடமாக இந்தத் திட்டத்தில் இருக்கிறான். ஐந்து வருடம் முடிவதற்குள் குறைத்துக் காட்டினால் அடுத்த ஐந்து வருடம் திரும்பி வர முடியாது. அந்த வருடங்களில் வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். புதிய முறையில் அந்த வரம்பு 4 லட்சம்; நாலரை லட்சம் லாபக்காரன் அதைத் தாண்டிவிட்டான். ஆக, ஒரு பைசா வரி மிச்சமில்லாமல் வருடா வருடம் தணிக்கைக் கட்டணம் தண்டம்.

"அப்படியானால் கணக்கே எழுத வேண்டாமா?" என்று சந்தோஷமாகக் கேட்டான். அதற்கும் நான் இடம் கொடுக்கவில்லை. ஜிஎஸ்டிக்குக் கொள்முதல் பில், விற்பனை, இருப்பு எல்லாம் வைத்தே ஆக வேண்டும். தவிர, எட்டு சதவீதம் என்பது சட்டம் ஏற்கும் குறைந்தபட்சம். உண்மை லாபம் கூடினால் கூடுதலாகத்தான் காட்ட வேண்டும். அது கூடியதா குறைந்ததா என்று எழுதி வைக்காதவனுக்கு எப்படித் தெரியும்?

திட்டத்திலேயே இருக்கச் சொல்லி, ஒரு நாள்வழிக் குறிப்பேடும் கடன் நோட்டும் போடச் சொன்னேன். நேற்று போன் செய்தான். வெளியே நிற்கிற கடன் பாக்கி மட்டும் 1.40 லட்சமாம். தெருவில் பாதி வீடு அவன் நோட்டில் இருக்கிறது. "ஐந்து சதவீதம் எங்கே போச்சுன்னு இப்பத்தான் தெரியுது மாமா" என்றான்.