‘கொஞ்சம் சுருக்கித் தாங்க’: இது அளவைச் சொல்லும் தொடர் அன்று

நவம்பர் நெருங்கினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையோர ஊர்களில் தமிழ் படித்தவர்களின் கைப்பேசிக்கு மேடையுரை வரைவுகள் வரத் தொடங்கும். உடன் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘கொஞ்சம் சுருக்கித் தாங்க.’ எத்தனை நிமிடம், எந்த மேடை, யார் முன்னிலையில் என்பன எதுவும் அதில் இராது.

இதற்குக் கற்றறிந்தோர் அளிக்கும் மறுமொழி இருவகைப்படும். ஒரு சாரார் ஆய்வுச் சுருக்கம் எழுதும் பழக்கத்தில் பத்திக்குப் பாதி வெட்டித் திருப்பி அனுப்புகின்றனர். மற்றொரு சாரார், ‘நேரம் எவ்வளவு? நிகழ்வு யாது? அவையினர் யாவர்?’ என்று வினாநிரல் ஒன்றை அனுப்பிவிட்டுக் காத்திருக்கின்றனர். முன்னவர் வரைவைப் படிப்பதில்லை. பின்னவர் படிக்கும் பொறுப்பை அனுப்பியவர் மீதே சுமத்துகின்றனர். இரண்டுமே பிழை. கேட்கப்படாத இரு வினாக்களுக்கும் விடையில் பெரும்பகுதி வரைவுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் அந்த ஒற்றை வரியையே பார்க்கலாம். ‘கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்’ என்பவர் அரை மிடறு நீரைக் கேட்பதில்லை. அங்குக் ‘கொஞ்சம்’ என்பது நீரின் அளவைக் குறிக்கவில்லை. வேண்டுகோளின் கடுமையைக் குறைக்கிறது. மலையாளத்தில் ‘ஒன்னு சுருக்கித் தராமோ’ என்னும்போது ‘ஒன்னு’ எண்ணாகாமல் பணிவாவதும் இவ்வாறே. இரு மொழியும் புழங்கும் ஊரிலிருந்து வரும் ‘கொஞ்சம்’ என்பதைச் சிறிதளவு வெட்டுக என்று பொருள்கொள்வது, மொழியியல் கற்றவர்க்கு அழகன்று. சுருக்குதல் எவ்வளவு என்பதை அச்சொல் சொல்லவே இல்லை. அதை வேறிடத்தில் தேட வேண்டும்.

தேட வேண்டிய முதலிடம் அவைவிளிப்பு. எடுத்துக்காட்டாக ஒரு வரைவைக் கொள்வோம். 1,150 சொற்கள், தலைப்பில் நவம்பர் 1 என்ற நாள் மட்டும் உண்டு. விளிப்பு இவ்வாறு செல்கிறது: ‘தலைமையேற்றிருக்கும் பி.டி.ஏ. தலைவர் அவர்களே, நிகழ்வைத் தொடங்கிவைத்த பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, எனக்கு முன் வாழ்த்திப் பேசிய வார்டு உறுப்பினர் அவர்களே, நன்றி கூறவிருக்கும் ஆசிரியை அவர்களே, அன்பு மாணவச் செல்வங்களே.’ எழுதியவர் நிகழ்ச்சிநிரலை எங்கும் குறிப்பிடவில்லை. ஆனால் பெயரெச்சங்களின் காலம் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ‘தொடங்கிவைத்த’ இறந்தகாலம், ‘கூறவிருக்கும்’ எதிர்காலம். தொடக்கவுரைக்குப் பின்னும் நன்றியுரைக்கு முன்னும் வருவது வாழ்த்துரை. அதிலும் இவர் முதலாமவர் அல்லர். ‘தொடங்கிவைக்க வந்திருக்கும்’ என்று இருந்திருந்தால் அது வரவேற்புரை அல்லது தலைமையுரை ஆகியிருக்கும்.

இடம் தெரிந்தால் நேரம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். வாழ்த்துரைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்த மேடையும் பொறுப்பதில்லை. முன்னவர்கள் நேரத்தை உண்டபின் இன்னும் குறையும். நான்கு நிமிடம் என்று கொள்ளலாம். அடுத்து வேகம். ஆங்கில மேடையுரைக்கு நிமிடத்துக்கு 130 சொல் என்று சொல்லப்படும் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. ஒட்டுகள் சேர்ந்து தமிழ்ச்சொல் நீள்வதால், நிதானமாகப் பேசுபவர் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொற்களையே கடப்பார். ஐயமிருந்தால் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் கடிகாரம் பார்க்கலாம். 85 என்று வைத்தால் இந்த வரைவு பதின்மூன்று நிமிடத்தைத் தாண்டும்; மேடை தருவதோ 340 சொற்கள். பாதியாக வெட்டுபவர் 575 சொற்களை, அதாவது ஏறக்குறைய ஏழு நிமிடத்தை, அனுப்பிவைப்பார். பேச்சாளர் பாதியில் துண்டுச்சீட்டு பெற்று, முத்தாய்ப்பைச் சொல்லாமலே இறங்குவார். ‘சுருக்கிவிட்டேன்’ என்று இவர் நிறைவடைந்திருப்பார்.

நேரத்தை விடவும் பெரிய கேடு நிகழ்வைத் தவறாகக் கொள்வதில் உண்டு. களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் நவம்பர் 1 ஒரே நாள் அன்று. 1956-இல் அந்நாளில்தான் கேரள மாநிலம் பிறந்தது. அந்நாளில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. ஆகவே அப்புறத்து மேடையில் அந்நாள் இணைந்த நாள். இப்புறத்துப் பள்ளியில் கேரளப் பிறவி.

இந்த வரைவு எந்தப் பக்கத்தது? விளிப்பில் மாணவர் இருக்கின்றனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் அன்று உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். கேரளத்தில் பள்ளிகள் இயங்கும். மேலும் உடலில் ‘நம் மாநிலம் பிறந்த நாள்’ என்று வருகிறது. ‘நம்’ என்ற ஒரு சொல் பேசுபவரின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. எனவே இது கேரளத்துப் பள்ளி ஒன்றில், தமிழ் படிக்கும் பிள்ளைகள் முன் நிகழும் வாழ்த்துரை.

இனி எதை வெட்டுவது என்பது தெளிவு. வரைவில் 400 சொற்கள் 1954 முதல் 1956 வரையிலான எல்லைப் போராட்டத்தையும், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டையும் பற்றியவை. இறுதியில் மூன்றே வரிகள், 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிப்பதைச் சொல்பவை. அப்புறத்து நினைவுக் கூட்டமாயின் போராட்டப் பகுதியே உரையின் உயிர், அதைத் தொடக்கூடாது. இப்பள்ளியிலோ அதை இரண்டு வாக்கியமாக்கி, அம்மூன்று வரியை விரித்து, ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி முடிக்க வேண்டும். விகிதப்படி வெட்டுபவர் 400-ஐ 200 ஆக்கி, மூன்று வரியை ஒன்றரை ஆக்குவார். பிள்ளைகள் கையில் கொண்டுபோகத் தக்க ஒன்றே அவர் கையில் மறைந்துபோகும்.

‘கேளாததை ஊகிப்பது ஆணவம் அன்றோ?’ என்பர். பாதியாக வெட்டியவரும் ஊகித்தவரே. அதை வெளியே சொல்லவில்லை என்பதே வேறுபாடு. நேர்மையான வழி, சுருக்கிய உரைக்கு மேலே ஒரு வரி எழுதுவது: ‘பள்ளியில் கேரளப் பிறவி வாழ்த்துரை, நான்கு நிமிடம் எனக் கொண்டு சுருக்கியது.’ ஊகம் தவறாயின் பேச்சாளர் ஒரு நொடியில் கண்டுகொள்வார். கூடுதல் நேரம் கிடைத்தால் சேர்ப்பதற்கு, நீக்கிய பத்திகளை முதன்மை வரிசையில் கடைசியில் வைத்தால் போதும்.

சான்று இல்லாத வரைவும் வருவதுண்டு: விளிப்பு ‘அவையோரே’ என்று முடிந்துவிடும், ‘நம்’ என்ற சொல் எங்கும் இராது. அங்கு ஊகிக்கக் கூடாது; கேட்க வேண்டும். ஆனால் ‘எத்தனை நிமிடம்?’ என்று கேட்பது பயனற்றது. பேச அழைக்கப்பட்டவருக்கே அது பல வேளைகளில் தெரியாது. ‘நிகழ்ச்சி நோட்டீஸின் படத்தை அனுப்புங்கள்’ என்று கேட்க வேண்டும். இடமும் தொடங்கும் நேரமும், பேசுவோர் எத்தனை பேர், எவருக்குப் பின் எவர் என்பதும் அந்த ஒரு தாளிலேயே அச்சாகியிருக்கும்.