தொலைக்காட்சித் திரையில் தோன்றும் எட்டு எழுத்துகள்

அண்மைக் காலமாக நம்மவர் வீடுகளில் புதுத் தொலைக்காட்சி வந்ததும் எழும் முதல் கேள்வி, "கணக்கை எப்படித் திறப்பது?" என்பதுதான். கடவுச்சொல்லை ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடிப்பதைவிட, திரையில் வரும் குறியீட்டைக் கைபேசியில் இடுவதோ, கட்டம் கட்டமான படத்தைக் கேமராவால் பிடிப்பதோ எளிது. அந்த எளிமைக்குள் இருக்கும் ஏற்பாட்டைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

மார்டள்ளியில் தாயார் இருக்கிறார், மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சியில் யூடியூபைத் திறந்து உள்நுழையச் சொன்னால், youtube.com/activate என்ற முகவரியும் ஒரு குறியீடும் வரும். அம்மா அதைத் தொலைபேசியில் படிக்கிறார். மகன் அங்கே அந்த முகவரிக்குப் போய், தன் கணக்கில் நுழைந்து, குறியீட்டை இட்டு, அனுமதி கொடுக்கிறார். சில நொடிகளில் மார்டள்ளித் திரை மாறிவிடுகிறது. இருவரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டியதே இல்லை.

இதற்கான பொது விதிமுறை 2019-இல் RFC 8628 என்ற ஆவணமாக வெளிவந்தது. அதன்படி தொலைக்காட்சிக்கு இரண்டு குறியீடுகள் கிடைக்கின்றன. ஒன்று குறுகியது, WDJB-MJHT என்பது போல. திரையில் தெரிவது இது மட்டுமே. மற்றொன்று நீளமானது, அது பெட்டிக்குள்ளேயே இருக்கும், எவர் கண்ணிலும் படாது. அந்த நீளமான குறியீட்டைக் காட்டித்தான் தொலைக்காட்சி, வழக்கமாக 5 நொடிக்கு ஒரு முறை, "அனுமதி வந்ததா?" என்று நிறுவனத்தின் கணினியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்கைத் திறக்கும் சாவி கடைசியில் போய்ச் சேருவதும் அதனிடமே.

ஆகவே, அம்மா உரக்கப் படித்த எழுத்துகளைப் பக்கத்து வீட்டார் கேட்டாலும் மகனின் கணக்கு பறிபோகாது. அவர் அதை இட்டால் அவருடைய கணக்குத்தான் அம்மாவின் தொலைக்காட்சியில் திறக்கும்! ஆபத்து எதிர்த் திசையில் இருக்கிறது. யாரோ ஒருவர், "இந்தக் குறியீட்டை உங்கள் கைபேசியில் போடுங்கள், இலவச சந்தா கிடைக்கும்" என்று அனுப்பினால், அது அவருடைய கருவி காட்டிய குறியீடு. நாம் அனுமதித்த கணமே நம் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். கடவுச்சொல்லை அவர் கேட்கவே இல்லை. இத்தகைய மோசடி அலுவலகக் கணக்குகளைக் குறிவைத்து நடந்துவருவதை மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. ஓடிபியைச் சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். பிறர் தந்த குறியீட்டை இடாதே என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறோம்?

ரயில்வேயில் ஒரு நிலையத்தார் அடுத்த நிலையத்தாரிடம் 'பிரைவேட் நம்பர்' கேட்டு வாங்கும்போது, எந்த வண்டிக்காக என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். அனுமதிப் பக்கத்திலும் அப்படியே, எந்தக் கருவி, எந்த ஊர் என்று பெரிய எழுத்தில், தமிழிலும் காட்ட வேண்டும். பல இடங்களில் அப்படி இல்லை என்பது என் மனக்குறை.

கேமராவால் பிடிக்கும் படத்தில் பெரும்பாலும் அதே முகவரியும் அதே குறியீடும்தான் இருக்கின்றன. தட்டச்சு மிச்சமாகிறது, அவ்வளவே. கைபேசியில் தெரியும் எழுத்துகளும் திரையில் இருப்பவையும் ஒன்றா என்று பார்த்த பிறகு அனுமதி கொடுப்பது நல்லது. அந்தக் கைபேசியில் யாருடைய கணக்கு திறந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்டியைப் பொருத்த வந்தவரின் கைபேசியால் பிடித்தால் அவர் கணக்கே ஏறும்.

சிக்கல்கள் பெரும்பாலும் சிறியவை. குறியீட்டுக்கு ஆயுள் உண்டு; விதிமுறையின் உதாரணத்தில் 30 நிமிடம். அது கழிந்தால் புதிதாக வரவழைக்க வேண்டும். உயிரெழுத்துகளான A, E, I, O, U ஆகியவையும் Y-யும் இல்லாத 20 ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்தலாம் என்கிறது அந்த ஆவணம். தற்செயலாகச் சொற்கள் உருவாகாது என்பதால். இருந்தாலும் தொலைபேசியில் B, D, P, T எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். "பெங்களூர் B, டெல்லி D" என்று சொல்லப் பழகினால் போதும். முகவரியைத் தேடுபொறியில் தேடாமல், திரையில் உள்ளபடியே அடிக்க வேண்டும். தேடினால், செயல்படுத்தித் தருகிறோம் என்று பணம் கேட்கும் போலிப் பக்கங்களில் போய் விழ நேரும்.

குறியீடு சரியாக வேலை செய்தாலும், இரண்டு ஊர்களில் ஒரே கணக்கு செல்லும் என்பதல்ல. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலை முதல் இந்தியாவிலும், ஒரே வீட்டில் வசிப்போருக்கே ஒரு கணக்கு என்கிறது. பெங்களூர் மகனின் கணக்கு மார்டள்ளியில் சில நாள் ஓடிவிட்டு நின்றால், பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊருக்கு வந்து போகும் பிள்ளைகள், விட்டுச்செல்லும் தொலைக்காட்சியிலிருந்து தங்கள் கணக்கை நீக்க மறந்தால், கைபேசியில் கணக்கின் அமைப்புகளில் உள்ள கருவிகள் பட்டியலைத் திறந்து, அங்கிருந்தே அதை வெளியேற்றலாம்.